அப்சார்ப்ஷன் லாபமும் மார்ஜினல் லாபமும் ஒத்துப்போகலையா? ரீகன்சிலியேஷன் கணக்குல அடிக்கடி வர்ற கேள்விகள்

ரெண்டு லாபமும் தனித்தனியா போட்டுடறேன், ஆனா ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்னு வந்தா எதை கூட்டறது எதை கழிக்கறதுன்னே தெரியல. எங்க ஆரம்பிக்கணும்?

ஸ்டாக்ல ஆரம்பிங்க, வேற எங்கயும் தேடாதீங்க. வித்தியாசம் வர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான், ஸ்டாக்குக்குள்ள உட்கார்ந்திருக்கற ஃபிக்சட் ப்ரொடக்ஷன் ஓவர்ஹெட். மார்ஜினல்ல அந்த பீரியட்ல செலவான ஃபிக்சட் ஓவர்ஹெட் முழுசா அதே பீரியட் லாபத்துல கழிஞ்சிடும், ஸ்டாக்குக்கு அதுல ஒரு பைசா கூட போகாது. அப்சார்ப்ஷன்ல அதை யூனிட் மேல ஏத்திடறோம், அதனால விக்காம மிஞ்சின யூனிட்டெல்லாம் தன் பங்கு ஓவர்ஹெட்டை தூக்கிக்கிட்டு அடுத்த பீரியடுக்கு போயிடுது, அதே மாதிரி போன பீரியட் ஸ்டாக்கும் தன் பங்கை இந்த பீரியடுக்கு கொண்டு வருது.

அதனால எப்பவும் பொருந்தற வரி இதுதான்:

அப்சார்ப்ஷன் லாபம் − மார்ஜினல் லாபம் = க்ளோசிங் ஸ்டாக்ல இருக்கற ஃபிக்சட் ஓவர்ஹெட் − ஓப்பனிங் ஸ்டாக்ல இருக்கற ஃபிக்சட் ஓவர்ஹெட்

இதுல "ஸ்டாக் யூனிட் வித்தியாசம் × ரேட்"னு இல்லை, கவனிச்சீங்களா? நிறைய பேர் அந்த குறுக்கு வழியைத்தான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க, அது எங்க கவுக்கும்னு கீழ வருது.

ஒரு கணக்கு முழுசா போட்டு காட்ட முடியுமா?

இந்த பேஜ் முழுக்க ஒரே கம்பெனி நம்பரைத்தான் வச்சுக்கப் போறேன். விற்பனை விலை யூனிட்டுக்கு 40. மெட்டீரியல் 12, லேபர் 6, வேரியபிள் ப்ரொடக்ஷன் ஓவர்ஹெட் 4, ஆக வேரியபிள் உற்பத்தி செலவு 22. இது போக விக்கற ஒவ்வொரு யூனிட்டுக்கும் வேரியபிள் செல்லிங் செலவு 3. ஃபிக்சட் ப்ரொடக்ஷன் ஓவர்ஹெட் பட்ஜெட் ஒரு பீரியடுக்கு 60,000, நார்மல் கெப்பாசிட்டி 10,000 யூனிட், அப்ப ரேட் 6. ஃபிக்சட் செல்லிங், அட்மின் ரெண்டும் சேர்த்து 30,000.

முதல் பீரியட்ல ஓப்பனிங் ஸ்டாக் இல்லை, உற்பத்தி 11,000, விற்பனை 9,000, அதனால க்ளோசிங் 2,000. நிஜமா ஆன ஃபிக்சட் ப்ரொடக்ஷன் ஓவர்ஹெட்டும் 60,000தான்.

மார்ஜினல் சீக்கிரம் முடிஞ்சிடும். ஒரு யூனிட் காண்ட்ரிபியூஷன் 40 − 22 − 3 = 15. 9,000 யூனிட்டுக்கு 1,35,000. அதுல 60,000, 30,000 ரெண்டையும் கழிச்சா லாபம் 45,000.

அப்சார்ப்ஷன்ல ஒரு யூனிட் உற்பத்தி செலவு 22 + 6 = 28. விற்பனை 3,60,000, வித்த சரக்கோட செலவு 9,000 × 28 = 2,52,000, மிச்சம் 1,08,000. இப்ப ஓவர்ஹெட் அட்ஜஸ்ட்மென்ட்: 11,000 யூனிட் தயாரிச்சதால 66,000 ஏத்தியாச்சு, ஆனது 60,000, அப்ப 6,000 ஓவர் அப்சார்ப்ஷன், அதை கூட்டினா 1,14,000. வேரியபிள் செல்லிங் 27,000, ஃபிக்சட் செல்லிங் அட்மின் 30,000 கழிச்சா லாபம் 57,000.

வித்தியாசம் 12,000. க்ளோசிங் ஸ்டாக் 2,000 × 6 = 12,000, ஓப்பனிங் சைபர். ஸ்டேட்மென்ட் மூணே வரிதான்:

மார்ஜினல் லாபம் 45,000
கூட்டு: க்ளோசிங் ஸ்டாக்ல ஃபிக்சட் ஓவர்ஹெட் (2,000 × 6) 12,000
அப்சார்ப்ஷன் லாபம் 57,000

ஓவர் அப்சார்ப்ஷன் 6,000 இருக்கே, அதையும் ரீகன்சிலியேஷன்ல ஒரு வரியா போட வேணாமா?

வேணாம். மார்க் அதிகமா போற இடம் இதுதான்னு நினைக்கறேன், அதனால கொஞ்சம் நிதானமா பாத்துடலாம்.

ரெண்டாவது பீரியட் எடுத்துக்குவோம், அதுல அண்டர் அப்சார்ப்ஷன் இருக்கு. ஓப்பனிங் 2,000, உற்பத்தி 9,500, விற்பனை 10,500, க்ளோசிங் 1,000. பட்ஜெட் 60,000ஆ இருந்தும் நிஜ செலவு 62,000 ஆயிடுச்சு, மத்ததெல்லாம் பழையபடி.

மார்ஜினல்: 10,500 × 15 = 1,57,500, கழி 62,000, கழி 30,000, லாபம் 65,500.

அப்சார்ப்ஷன்: விற்பனை 4,20,000, செலவு 10,500 × 28 = 2,94,000, மிச்சம் 1,26,000. ஏத்தினது 9,500 × 6 = 57,000, ஆனது 62,000, அண்டர் அப்சார்ப்ஷன் 5,000, அதை கழிச்சா 1,21,000. செல்லிங் 31,500, ஃபிக்சட் 30,000 போக லாபம் 59,500.

வித்தியாசம் 6,000, இந்த தடவை அப்சார்ப்ஷன் கம்மி. க்ளோசிங்ல 6,000, ஓப்பனிங்ல 12,000, சரியா வந்துடுச்சு, 5,000ங்கற நம்பர் எங்கயும் தேவைப்படல.

ஏன்னு பாக்கணும்னா லாபத்தை விட்டுட்டு, இந்த பீரியட்ல ஃபிக்சட் ஓவர்ஹெட்டா மொத்தம் எவ்வளவு கழிஞ்சுதுன்னு மட்டும் பாருங்க. மார்ஜினல்ல 62,000. அப்சார்ப்ஷன்ல வித்த 10,500 யூனிட் வழியா 63,000, அண்டர் அப்சார்ப்ஷன் வழியா 5,000, மொத்தம் 68,000. இந்த 68,000ஐ வேற மாதிரியும் பிரிக்கலாம்: நிஜமா ஆன 62,000, ஓப்பனிங் ஸ்டாக்கோட வந்த 12,000, ரெண்டையும் கூட்டி க்ளோசிங் ஸ்டாக்கோட வெளிய போன 6,000ஐ கழிச்சா அதேதான். அதாவது அண்டர் அப்சார்ப்ஷன் அட்ஜஸ்ட்மென்ட் பண்ற வேலையே ஏத்தின தொகையை நிஜ செலவுக்கு கொண்டு வர்றதுதான். மார்ஜினல் ஏற்கனவே நிஜ செலவுல நிக்குது, அட்ஜஸ்ட்மென்ட் முடிஞ்சதும் அப்சார்ப்ஷனும் அங்கயே வந்துடுது, பாக்கி இருக்கறது ஸ்டாக் மட்டும்தான்.

ஆனா ஒண்ணு, ரீகன்சிலியேஷன்ல அது வராதுங்கறதுக்காக அப்சார்ப்ஷன் லாபம் போடறப்பவும் விட்டுடக்கூடாது, அங்க கண்டிப்பா வேணும்.

ஸ்டாக் கூடினா அப்சார்ப்ஷன் லாபம் அதிகம், குறைஞ்சா மார்ஜினல் லாபம் அதிகம்னு படிச்சேன். இது எப்பவும் சரியா?

ரேட் மாறாம இருக்கற வரைக்கும் சரி. மாறினா இல்லை.

மூணாவது பீரியட்ல பட்ஜெட் ஓவர்ஹெட் 70,000 ஆகுது, நார்மல் கெப்பாசிட்டி அதே 10,000, அப்ப புது ரேட் 7, ஒரு யூனிட் உற்பத்தி செலவு 29. ஓப்பனிங் 1,000, உற்பத்தி 10,000, விற்பனை 10,100, க்ளோசிங் 900. நிஜ செலவும் 70,000, அதனால ஓவரும் இல்லை அண்டரும் இல்லை. ஸ்டாக் ஃபைஃபோ முறை.

ஸ்டாக் 100 யூனிட் குறைஞ்சிருக்கு, ரூல்படி மார்ஜினல் லாபம்தான் அதிகமா இருக்கணும். போட்டு பாருங்க. மார்ஜினல்: 10,100 × 15 = 1,51,500, கழி 70,000, கழி 30,000, லாபம் 51,500. அப்சார்ப்ஷன்: ஓப்பனிங் 1,000 × 28 = 28,000, உற்பத்தி 10,000 × 29 = 2,90,000, கழி க்ளோசிங் 900 × 29 = 26,100, வித்த சரக்கு செலவு 2,91,900. விற்பனை 4,04,000ல இதை கழிச்சா 1,12,100, செல்லிங் 30,300, ஃபிக்சட் 30,000 போனா லாபம் 51,800.

ஸ்டாக் குறைஞ்சும் அப்சார்ப்ஷன் லாபம் 300 அதிகம்! காரணம் சிம்பிள். உள்ள வந்த 1,000 யூனிட் ஆளுக்கு 6 தூக்கிட்டு வந்துச்சு, மொத்தம் 6,000. வெளிய போற 900 யூனிட் ஆளுக்கு 7 தூக்கிட்டு போகுது, மொத்தம் 6,300. யூனிட் கம்மிதான், ஆனா தூக்கின தொகை அதிகம்.

இதே இடத்துல குறுக்கு வழி போட்டவங்க 100 × 7 = 700 கழின்னு எழுதியிருப்பாங்க, இல்லேன்னா 100 × 6 = 600 கழின்னு, ரெண்டுமே தப்பு, பிளஸ் மைனஸ் குறியே தலைகீழ். அதனால ஸ்டேட்மென்ட்ல எப்பவும் ரெண்டு வரியா எழுதற பழக்கம் வச்சுக்கங்க, இப்படி:

மார்ஜினல் லாபம் 51,500
கூட்டு: க்ளோசிங் ஸ்டாக்ல ஃபிக்சட் ஓவர்ஹெட் (900 × 7) 6,300
கழி: ஓப்பனிங் ஸ்டாக்ல ஃபிக்சட் ஓவர்ஹெட் (1,000 × 6) 6,000
அப்சார்ப்ஷன் லாபம் 51,800

ரேட் ஒண்ணா இருந்தாலும் இந்த ரெண்டு வரி சரியாவே வேலை செய்யும், ஒரு வரி எக்ஸ்ட்ரா எழுதறதுல என்ன போச்சு. கேள்வில "போன வருஷ ரேட்"னோ, ஓப்பனிங் ஸ்டாக்கோட மதிப்பை தனியா பிரிச்சோ குடுத்திருந்தா அது சும்மா குடுத்தது இல்லைன்னு புரிஞ்சுக்கங்க.

அப்ப உற்பத்தியும் விற்பனையும் சமமா இருந்தா ரெண்டு லாபமும் ஒண்ணா வரும்ங்கறதும் தப்பா?

அதுவும் ரேட் மாறாதப்ப மட்டும்தான். இதே மூணாவது பீரியட்ல விற்பனை 10,000ன்னு வச்சா ஓப்பனிங்கும் 1,000, க்ளோசிங்கும் 1,000, ஆனா ஓப்பனிங்ல 6,000, க்ளோசிங்ல 7,000, அதனால அப்சார்ப்ஷன் 1,000 அதிகம் வரும். சரி தப்பு கேள்வில இதை கேட்டா "ஒரு யூனிட் ஃபிக்சட் ஓவர்ஹெட் மாறாம இருந்தா"ன்னு ஒரு கண்டிஷன் சேர்த்து எழுதுங்க.

ஃபைஃபோ இல்லாம ஆவரேஜ் முறைன்னு கேட்டா?

ஃபார்முலா அதேதான், க்ளோசிங் ஸ்டாக்ல எவ்வளவு ஃபிக்சட் ஓவர்ஹெட் இருக்குங்கற கணக்கு மட்டும் மாறும். ஓப்பனிங்கோட வந்த 6,000, இந்த பீரியட்ல ஏத்தின 70,000, ரெண்டும் 76,000, அதை 11,000 யூனிட்டால வகுத்து 900ஆல பெருக்கினா ஏறக்குறைய 6,218. அப்ப வித்தியாசம் 218. நடுவுல ரேட்டை 6.91ன்னு ரவுண்ட் பண்ணிட்டு பெருக்கினா 6,219 வரும், அப்புறம் ஒண்ணு இடிக்குதேன்னு உக்காந்து தேடாதீங்க, ரவுண்டிங்கை கடைசில வச்சுக்கங்க.

செல்லிங் ஓவர்ஹெட்டை ஸ்டாக்ல சேர்க்கணுமா? வேரியபிள் செலவுதானே அது, மார்ஜினல்ல வேரியபிள் எல்லாமே ஸ்டாக்ல வரும்னு நினைச்சேன்.

ஸ்டாக்ல வர்றது உற்பத்தி செலவு மட்டும். இன்னும் விக்காத யூனிட்டுக்கு செல்லிங் செலவு ஆகியிருக்காது இல்லையா, அதனால மார்ஜினல் ஸ்டாக் யூனிட்டுக்கு 22தான், 25 இல்லை. காண்ட்ரிபியூஷன் போடறப்ப 3ஐ கழிக்கறோம், ஸ்டாக் மதிப்புல அது வராது. குழப்பமே இந்த ரெண்டு இடத்தையும் ஒண்ணா நினைக்கறதாலதான்.

ஃபிக்சட் செல்லிங், அட்மின் 30,000உம் அப்படித்தான், ரெண்டு முறையிலயும் முழுசா கழியும், ரேட் கண்டுபிடிக்கறப்ப 60,000 கூட இதை சேர்த்து 9ன்னு போட்டா மொத்த கணக்கும் போச்சு.

ரெண்டு லாபமும் போட்டாச்சு, ஆனா வித்தியாசம் ஃபார்முலாவோட ஒத்துப்போகல. தப்பு எங்கன்னு சீக்கிரம் எப்படி பிடிக்கறது?

முதல்ல மார்ஜினல் லாபத்தை உறுதி பண்ணிடுங்க, ஏன்னா அதுக்கு ஸ்டாக்கே தேவையில்லாத வழி இருக்கு: வித்த யூனிட் × காண்ட்ரிபியூஷன், அதுல ஃபிக்சட் செலவெல்லாம் கழி. ஓப்பனிங், க்ளோசிங் எல்லாம் போட்டு நீளமா செஞ்ச விடை இந்த குறுக்கு விடையோட ஒத்துப்போகணும். முதல் பீரியட்ல நீளமா போட்டு 51,000 வந்துச்சுன்னு வைங்க, குறுக்கு விடை 45,000. 6,000 இடிக்குது, அதை ஸ்டாக் 2,000ஆல வகுத்தா 3, அது செல்லிங் செலவுன்னு உடனே தெரிஞ்சிடும், ஸ்டாக்கை 25ல போட்டிருக்கீங்க. (ஒரு யூனிட் வேரியபிள் உற்பத்தி செலவு பீரியடுக்கு பீரியட் மாறினா இந்த குறுக்கு வழி அப்படியே ஓடாது, ஓப்பனிங் ஸ்டாக்ல இருந்து வித்ததுக்கு பழைய செலவை போட்டு தனியா பாக்கணும்.)

மார்ஜினல் சரின்னா தப்பு அப்சார்ப்ஷன் பக்கம். அங்க 57,000க்கு பதிலா 51,000 வந்தா, ஓவர் அப்சார்ப்ஷன் 6,000ஐ கூட்டவே மறந்துட்டீங்க. இதை விட மோசமானது, அதை கூட்டறதுக்கு பதிலா கழிச்சிடறது. அப்ப 1,08,000ல 6,000 போய் கடைசில 45,000 வரும், மார்ஜினல் லாபத்தோட அச்சு அசலா ஒண்ணா இருக்கும், பாக்கறதுக்கு அழகா டேலி ஆன மாதிரியே தெரியும்! ஆனா க்ளோசிங் ஸ்டாக் 2,000 இருக்கறப்ப ரெண்டு லாபமும் சமமா வர வாய்ப்பே இல்லைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சா மாட்டிக்கும்.

வித்தியாசம் 12,000க்கு பதிலா 10,909ன்னு ஒரு கோணல் நம்பர் வந்தா, ரேட்டை நார்மல் கெப்பாசிட்டி 10,000ஆல வகுக்காம நிஜ உற்பத்தி 11,000ஆல வகுத்திருக்கீங்க.

அந்த 10,909 ஒரு சில இடத்துல சரியான விடைன்னும் சொல்றாங்களே?

ஆமா, கேள்வி எப்படி கேட்டிருக்குங்கறதை பொறுத்தது. ஓவர் அப்சார்ப்ஷனை முழுசா அந்த பீரியட் லாபத்துல போடாம, சப்ளிமென்டரி ரேட் வச்சு வித்ததுக்கும் ஸ்டாக்குக்கும் பிரிச்சு போடுன்னு கேள்வி சொன்னா, 6,000ல 2,000/11,000 பங்கு, அதாவது 1,091, ஸ்டாக்ல இருந்து குறையும். க்ளோசிங் ஸ்டாக்ல ஃபிக்சட் ஓவர்ஹெட் 12,000 − 1,091 = 10,909, அப்சார்ப்ஷன் லாபம் 55,909, வித்தியாசமும் 10,909. மேல சொன்ன வரி இதுக்கும் அப்படியே பொருந்துது பாருங்க, "ஸ்டாக்ல கடைசியா எவ்வளவு உட்கார்ந்திருக்கு"ங்கறது மட்டும்தான் மாறிச்சு.

வெளிய குடுக்கற ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட்லயும் இதுக்கு சம்பந்தம் இருக்கு. ஐஏஎஸ் 2 ஃபிக்சட் ப்ரொடக்ஷன் ஓவர்ஹெட்டை நார்மல் கெப்பாசிட்டி வச்சு ஏத்தத்தான் சொல்லுது, உற்பத்தி கம்மியாகி ஏத்த முடியாம மிஞ்சினா அது அந்த பீரியட் செலவு. ஆனா உற்பத்தி அசாதாரணமா அதிகமானா, ஸ்டாக் அடக்க விலைக்கு மேல போயிடக்கூடாதுன்னு ஒரு யூனிட்டுக்கு ஏத்தற தொகையை குறைக்கணும்னு சொல்லுது. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர்ல கேள்வி ஒண்ணும் சொல்லலேன்னா நார்மல் ரேட் போட்டு ஓவர், அண்டரை முழுசா லாபத்துல அட்ஜஸ்ட் பண்ணுங்க, அதை ஒரு வரில அனுமானமா எழுதிடுங்க.

ஒரு லாபத்தை மட்டும் குடுத்துட்டு இன்னொண்ணை கேட்டா, இல்லேன்னா ஸ்டாக்கையே கேட்டா?

ஒரே சமன்பாடுதான், எது தெரியலையோ அதை தனியா எடுக்கணும். ரெண்டாவது பீரியட்ல அப்சார்ப்ஷன் லாபம் 59,500, ஓப்பனிங் 2,000, க்ளோசிங் 1,000, ரேட் 6ன்னு மட்டும் குடுத்து மார்ஜினல் கேட்டா, இங்க ஆரம்பிக்கறது அப்சார்ப்ஷன்ல, அதனால குறி மாறும்: 59,500 கழி க்ளோசிங் 6,000 கூட்டு ஓப்பனிங் 12,000, விடை 65,500. அவசரத்துல எல்லாரும் "க்ளோசிங்னா கூட்டு"ன்னு கண்ணை மூடிக்கிட்டு போடுவாங்க, எந்த லாபத்துல இருந்து கிளம்பறோம்னு முதல் வரியை பாத்துட்டு போடுங்க.

ஸ்டாக்கை கேட்டா: அப்சார்ப்ஷன் 57,000, மார்ஜினல் 45,000, ஓப்பனிங் இல்லை, ரேட் 6. வித்தியாசம் 12,000ஐ 6ஆல வகுத்தா க்ளோசிங் 2,000 யூனிட். விற்பனையும் குடுத்திருந்தா அதுல இருந்து உற்பத்தி, உற்பத்தில இருந்து ஓவர் அப்சார்ப்ஷன்னு அடுத்தடுத்து கேப்பாங்க.

மூணு பீரியட் சேர்த்து கேட்டா ஏதாவது செக் இருக்கா?

இருக்கு, அதுவும் பத்து செகண்ட் வேலை. ஒரு பீரியட் க்ளோசிங்தான் அடுத்ததோட ஓப்பனிங், அதனால நடுவுல இருக்கறதெல்லாம் அடிபட்டு போய் முதல் ஓப்பனிங்கும் கடைசி க்ளோசிங்கும் மட்டும் மிஞ்சும். மார்ஜினல் லாபம் மூணும் 45,000 + 65,500 + 51,500 = 1,62,000. அப்சார்ப்ஷன் 57,000 + 59,500 + 51,800 = 1,68,300. வித்தியாசம் 6,300, கடைசி ஸ்டாக் 900 × 7 = 6,300. இது ஒத்துப்போகலேன்னா ஏதோ ஒரு பீரியட்ல ஓப்பனிங் ஸ்டாக்குக்கு போன பீரியட் ரேட்டை விட்டுட்டு புது ரேட்டை போட்டிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க, மூணாவது பீரியட்ல அப்படி போட்டிருந்தா சரியா 1,000 இடிக்கும்.